நாணயத்தைச் சுண்டினால் 91 சதவீதம்

ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கின் விலை 1,000 ரூபாயில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒருமுறை நாணயத்தைச் சுண்டுகிறோம். பூ விழுந்தால் விலை ஒரு ரூபாய் ஏறும், தலை விழுந்தால் ஒரு ரூபாய் இறங்கும். இப்படியே ஆயிரத்துச் சொச்சம் நாட்களுக்கான விலைப்பட்டியல் ஒன்றைத் தயாரித்துவிட்டோம். இந்தச் சந்தையில் நாளை என்ன நடக்கும் என்று எந்த மேதையாலும் சொல்ல முடியாது. ஏறுமா இறங்குமா என்று ஊகித்தால், நூற்றுக்கு ஐம்பது முறைதான் சரியாக வரும்.

இதே பட்டியலை ஒரு மெஷின் லேர்னிங் நிரலிடம் கொடுத்து, பாடப்புத்தகத்தில் உள்ளபடியே பயிற்சியும் சோதனையும் நடத்தினால், அது 90 சதவீதத்தை நெருங்கும் ஒரு மதிப்பெண்ணோடு வந்து நிற்கக்கூடும். நிரலில் எழுத்துப் பிழை எதுவும் இருக்காது. கணக்கிலும் தவறு இருக்காது. சோதனைக்காகத் தரவைப் பிரித்த விதத்தில்தான் கோளாறு. நாணயத்திலேயே 90 சதவீதம் காட்டும் சோதனையை நிஜப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனால், அது காட்டும் எண்ணை நம்பிப் போட்ட பணம் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது, அதை எப்படிக் களையெடுப்பது என்பதை இந்த நாணயச் சந்தையை வைத்தே பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இதற்கு ‘பர்ஜ்டு கிராஸ் வேலிடேஷன்’ என்று பெயர். களையெடுத்த குறுக்குச் சரிபார்ப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு வரி, ஒரு விடை

நிரலுக்குத் தரும் பட்டியலில் நாள் ஒன்றுக்கு ஒரு வரி. வரியின் ஒரு பக்கத்தில் அன்றைக்குத் தெரிந்த அடையாளங்கள் இருக்கும்: இன்றைய விலை, கடந்த 50 நாள் சராசரியிலிருந்து விலை எவ்வளவு விலகியிருக்கிறது, ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பது போன்றவை. மறுபக்கத்தில் விடை இருக்கும். இத்துறையினர் இதை லேபிள் என்பார்கள். இன்று வாங்கி 21 வர்த்தக நாள் கழித்து விற்றால் லாபமா, நட்டமா என்பதுதான் நம் விடை. 21 வர்த்தக நாள் என்பது ஏறக்குறைய ஒரு மாதம்.

பட்டியலைப் படித்து, எந்த அடையாளம் வந்தால் எந்த விடை வருகிறது என்று நிரல் கற்றுக்கொள்கிறது. கற்றதைச் சோதிக்க, அது பார்க்காத வரிகள் வேண்டும். அதற்காக ஆயிரம் வரிகளை ஐந்து பாகமாகப் பிரிக்கிறோம். ஒரு பாகத்தை ஒளித்துவைத்துவிட்டு மற்ற நான்கில் பயிற்சி தருகிறோம். பிறகு ஒளித்துவைத்த 200 வரிகளின் அடையாளங்களை மட்டும் காட்டி விடை கேட்கிறோம். ஐந்து பாகங்களையும் முறைவைத்து ஒளித்து ஐந்து மதிப்பெண்களின் சராசரியை எடுக்கிறோம். இதுதான் குறுக்குச் சரிபார்ப்பு.

நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை, கையெழுத்து எண்கள், மாம்பழப் படங்கள் ஆகியவற்றுக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். அங்கே ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உறவில்லை. ஒரு மாம்பழத்தின் இனிப்பு அடுத்த மாம்பழத்தின் இனிப்பைத் தீர்மானிப்பதில்லை. பங்குச் சந்தைப் பட்டியலில் அப்படி இல்லை.

ஓட்டுக்கூரை

நம் விடை ஒவ்வொன்றும் 21 நாள் நீளமானது. ஆனால் விடைகளைத் தினம் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகிறோம். ஓட்டுக்கூரையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஓடும் அடுத்த ஓட்டின் மேல் ஏறிக் கிடக்கும். நம் கூரையில் ஓட்டின் நீளம் 21 நாள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே வெளியே தெரிவது ஒரே ஒரு நாள்.

400-ஆம் நாளின் விடை, 401 முதல் 421 வரையிலான 21 சுண்டல்களின் கூட்டல். 401-ஆம் நாளின் விடை, 402 முதல் 422 வரையிலான 21 சுண்டல்களின் கூட்டல். நடுவிலுள்ள 20 சுண்டல்கள் இரண்டுக்கும் பொது. ஒன்றில் முதல் சுண்டலும் மற்றதில் கடைசிச் சுண்டலும் மட்டுமே வேறு.

இந்த இரண்டு விடைகளும் எத்தனை முறை ஒத்துப்போகும்? கணக்கு எளிது. பொதுவான 20 சுண்டல்களின் கூட்டல் பூஜ்யமாக இல்லாவிட்டால், அது குறைந்தது இரண்டாவது இருக்கும். மிச்சமுள்ள ஒற்றைச் சுண்டல் எப்படி விழுந்தாலும் அதைத் தலைகீழாக்க முடியாது. அப்போது இரண்டு விடைகளும் ஒன்றுதான். 20 சுண்டலில் சரியாகப் பத்துப் பூவும் பத்துத் தலையும் விழுந்து கூட்டல் பூஜ்யமாகும் வாய்ப்பு 17.6 சதவீதம். அப்படி ஆனாலும், மிச்சமுள்ள இரண்டு சுண்டல்கள் பாதி முறை ஒத்துப்போய்விடும். ஆக, விடைகள் மாறுபடும் வாய்ப்பு 8.8 சதவீதம். ஒத்துப்போகும் வாய்ப்பு 91 சதவீதத்துக்குச் சற்று மேல்.

முழுக்க முழுக்க நாணயத்தால் ஆன சந்தையில், பக்கத்து நாளின் விடையைப் பார்த்து எழுதினால் 91 மதிப்பெண் கிடைக்கும் என்பதுதான் இதன் பொருள். எதிர்காலத்தைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எப்படிப் பார்த்து எழுதுகிறது?

பல நிரல்தொகுப்புகளில் பாகம் பிரிக்கும்போது வரிகளைக் குலுக்கிப் போடும் வசதி உண்டு. பைத்தான் மொழியில் `KFold` என்ற கருவிக்கு `shuffle=True` என்று சொன்னால் போதும், சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து ஐந்து பாகமாக்கிவிடும். பிற துறைகளில் இது நல்ல பழக்கம் என்றே கற்றுத்தருகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு பங்குச் சந்தைக்கு வருபவர்கள் இங்கேயும் குலுக்குகிறார்கள்.

குலுக்கியதும் என்ன ஆகிறது? ஒளித்துவைத்த ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின நாளும் பிந்தின நாளும் சேர்ந்தாற்போல ஒளிக்கப்படும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று, அதிலும் ஐந்தில் ஒன்று, அதாவது 25-ல் ஒன்று. மற்ற 24 முறையும் பக்கத்து நாளில் ஒன்றாவது பயிற்சிப் பாகத்தில் விடையோடு உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்து நாள் எது என்று நிரலுக்கு யார் சொன்னார்கள்? தேதியை நாம் தரவில்லையே என்று கேட்கலாம். அடையாளங்கள்தான் காட்டிக்கொடுக்கின்றன. 50 நாள் சராசரி ஒரே நாளில் பெரிதாக மாறாது. ஏற்ற இறக்க அளவும் அப்படியே. இப்படி மெல்ல நகரும் நான்கைந்து அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தால், அவை கிட்டத்தட்டத் தேதி முத்திரையாகவே ஆகிவிடும். ரேண்டம் ஃபாரஸ்ட் போல வரிகளை மனப்பாடம் செய்யக்கூடிய நிரல்கள், அடையாளங்களால் நெருங்கிய வரியைத் தேடிப் பிடித்து அதன் விடையையே தருகின்றன. காலத்தால் பக்கத்து நாளே அடையாளத்தாலும் பக்கத்து நாள்.

ஆகக் கசிவுக்கு இரண்டும் சேர வேண்டும். விடைகள் மேல்படிய வேண்டும், அடையாளங்களும் மெல்ல நகர வேண்டும். விடைகள் ஒத்திருந்தும் அடையாளங்கள் நாளுக்கு நாள் தாறுமாறாக மாறினால், எந்த வரியிலிருந்து பார்த்து எழுதுவது என்று நிரலுக்குத் தெரியாது. ஆனால் சந்தையில் நாம் கணக்கிடும் அடையாளங்களில் பெரும்பாலானவை கடந்த சில வாரங்களின் சராசரியாகவே இருப்பதால், இரண்டும் சேருவதே வழக்கம்.

சின்னக் கசிவுதான் பெரிய ஆபத்து

90 சதவீதத்தைப் பார்த்தால் விவரம் தெரிந்த எவருக்கும் சந்தேகம் வரும். ஆகவே கொஞ்சம் அனுபவம் உள்ளவர்கள் குலுக்குவதில்லை. நாட்களை வரிசையாகவே வைத்து 1 முதல் 200, 201 முதல் 400, 401 முதல் 600 என்று துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள்.

தீரவில்லை. நடுத்துண்டை, அதாவது 401 முதல் 600 வரை, ஒளித்துவைத்ததாக எடுத்துக்கொள்வோம். கூரையை இரண்டு கோட்டில் வெட்டியிருக்கிறோம். ஆனால் வெட்டிய கோட்டைத் தாண்டி ஓடுகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பயிற்சிப் பாகத்தில் இருக்கும் 400-ஆம் நாளின் விடை 421-ஆம் நாள் வரை நீள்கிறது. சோதனைப் பாகத்தின் முதல் 20 வரிகளான 401 முதல் 420 வரை, இந்த ஒரு வரியோடு சுண்டல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. மறுகோடியிலும் இதே கதைதான். 600-ஆம் நாளின் விடை 621 வரை நீள்கிறது, 601-ஆம் நாளின் பயிற்சி வரி சோதனையின் கடைசி 20 வரிகளோடு பகிர்கிறது. மொத்தம் 200 சோதனை வரிகளில் 40, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, கறைபட்டுவிட்டது.

எல்லையோர வரியின் விடையை நிரல் அப்படியே நகலெடுக்கிறது என்று கொள்வோம். எல்லைக்கு மிக அருகில் 91 சதவீதம் சரியாக இருக்கும். விலக விலகக் குறைந்து, 21 நாள் தள்ளிப் போனால் வெறும் 50-க்கு வந்துவிடும். 40 வரிகளின் சராசரி ஏறக்குறைய 68. மிச்சம் 160 வரிகளில் 50. கூட்டிப் பார்த்தால் முழுப் பாகத்துக்கும் 53-க்கும் 54-க்கும் இடையே வருகிறது.

இந்த எண்தான் பயமுறுத்த வேண்டிய எண். சந்தைக் கணிப்பில் 90 சதவீதத்தை யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் 53 சதவீதம் நம்பும்படியாக இருக்கிறது. அடக்கமான, நியாயமான, உழைத்துக் கண்டுபிடித்த ஒரு சிறு அனுகூலத்தைப் போலத் தோன்றுகிறது. நாணயத்திலிருந்து எல்லைக் கசிவால் மட்டுமே வந்த 53-ஐயும், உண்மையான திறமையால் வந்த 53-ஐயும் எண்ணை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

களையெடுப்பு

மருந்து எளிமையானது. சோதனைப் பாகத்தின் விடைகள் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகின்றன என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்தைத் தொடும் விடை கொண்ட பயிற்சி வரி எதுவாக இருந்தாலும் பிடுங்கி எறிய வேண்டும். வயலில் களை எடுப்பது போல்தான்.

இந்தப் பெயரோடும் முறையோடும் இதைப் பரவலாக்கியவர் மார்க்கோஸ் லோபெஸ் தெ பிராதோ. நிதித்துறையில் மெஷின் லேர்னிங் பற்றி 2018-ல் அவர் வெளியிட்ட ‘அட்வான்சஸ் இன் ஃபைனான்ஷியல் மெஷின் லேர்னிங்’ என்ற நூலின் ஏழாம் அத்தியாயம் முழுவதும் இதைப் பற்றியது. எல்லையில் சில வரிகளை விட்டுவிடும் யோசனை அதற்கும் முந்தியது. காலத்தோடு தொடர்புடைய தரவுக்கு, சோதனைப் புள்ளியின் இருபுறமும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரிகளை நீக்கும் முறையைப் பர்மன், சோ, நோலன் ஆகிய மூன்று புள்ளியியலாளர்கள் 1994-லேயே எழுதியிருக்கிறார்கள். லோபெஸ் தெ பிராதோ செய்தது, நிலையான எண்ணிக்கைக்குப் பதிலாக ஒவ்வொரு விடையின் தொடக்க நாளையும் முடிவு நாளையும் பார்த்து நீக்கச் சொன்னது.

அது ஏன் தேவைப்படுகிறது? நிஜ வர்த்தகத்தில் எல்லா விடையும் 21 நாள் நீளம் இருக்காது. 1,000 ரூபாய்க்கு வாங்கியவர் 1,040 தொட்டால் லாபத்தோடு விற்பார், 970-க்கு இறங்கினால் நட்டத்தோடு வெளியேறுவார், 21 நாளில் இரண்டும் நடக்காவிட்டால் அன்றைய விலைக்கு விற்றுவிடுவார். அதே நூலில் இதற்கு மூன்று தடுப்பு முறை என்று பெயர். இப்படிப் போட்ட ஒரு வர்த்தகம் மூன்றே நாளில் முடியும், அடுத்தது 21 நாளும் இழுக்கும். சில ஓடுகள் குட்டை, சில நெட்டை. ஆகவே பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் விடை எந்த நாளில் தெரிந்தது என்று ஒரு கட்டம் சேர்த்துவைப்பது கட்டாயம். அந்தக் கட்டம் இல்லாத பட்டியலைக் களையெடுக்கவே முடியாது.

நிரலில் இது மூன்று வரிதான். `t0` என்பது வரி தொடங்கும் நாள், `t1` என்பது விடை தெரிந்த நாள்.

```python
a = t0[test].min()
b = t1[test].max()
train = (t1 < a) | (t0 > b + embargo)
```

சோதனை தொடங்கும் முன்பே விடை முடிந்துபோன வரிகள் ஒருபக்கம், சோதனை விடைகள் எல்லாம் முடிந்த பிறகே தொடங்கிய வரிகள் மறுபக்கம். இரண்டும் மட்டுமே பயிற்சிக்கு. சோதனைக்கு முன்பே தொடங்கி, அதை முழுக்கத் தாண்டிப் பிறகு முடியும் நெட்டை ஓடு ஏதாவது இருந்தால் அதுவும் தானாகவே விழுந்துவிடும்.

நம் நாணயச் சந்தையில் `a` 401, `b` 621. ஆகவே முன்பக்கம் 379-ஆம் வரியோடு பயிற்சி நின்றுவிடுகிறது. 380 முதல் 400 வரை 21 வரிகள் போகின்றன. பின்பக்கம் 601 முதல் 621 வரை 21 வரிகள் போகின்றன. உண்மையில் சுண்டலைப் பகிர்பவை பக்கத்துக்கு 20 தான். எல்லை நாளைத் தொட்டு நிற்கும் ஒன்றையும் பாதுகாப்புக்காகச் சேர்த்தே எடுக்கிறோம். 800 பயிற்சி வரிகளில் 42 போயிற்று. சோதனைப் பாகத்தில் ஒரு வரியையும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். எடுப்பது எப்போதும் பயிற்சிப் பக்கத்திலிருந்துதான். இப்போது நாணயச் சந்தையின் மதிப்பெண் 50-ஐச் சுற்றியே நிற்கும்.

தடைக்காலம்

மேலே உள்ள மூன்றாவது வரியில் `embargo` என்று ஒரு சொல் இருக்கிறது. நம்மூர்க் கடலோரத்தில் மீன்பிடித் தடைக்காலம் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். இதுவும் ஒரு தடைக்காலம்தான். சோதனை விடைகள் முடிந்த பிறகும் சில நாள் பொறுத்தே மீண்டும் பயிற்சி வரிகளைச் சேர்ப்பது.

நாணயச் சந்தைக்கு இது தேவையில்லை, ஏனென்றால் நாணயத்துக்கு ஞாபகம் இல்லை. நிஜச் சந்தைக்கு ஞாபகம் உண்டு. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் விழுந்தது. அந்தக் கொந்தளிப்பு அன்றோடு முடியவில்லை. அதற்குப் பின் பல வாரங்களுக்கு ஏற்ற இறக்கம் பெரிதாகவே இருந்தது. சோதனைக் காலம் மார்ச்சோடு முடிந்தது என்று வைத்துக்கொண்டால், அடுத்து வரும் பயிற்சி வரிகளின் 50 நாள் சராசரிக்குள்ளும் ஏற்ற இறக்க அளவுக்குள்ளும் அந்த மார்ச் உட்கார்ந்திருக்கிறது. விடைகள் மேல்படியாவிட்டாலும் வாசனை ஒட்டிக்கொண்டிருக்கும்.

மொத்த வரிகளில் ஏறக்குறைய 1 சதவீதம் தடைக்காலமாக வைத்தால் பெரும்பாலும் போதும் என்கிறது அந்த நூல். நமக்கு 1,000 வரிகள் என்பதால் 10 நாள். 622 முதல் 631 வரை நீக்குகிறோம். பயிற்சிக்கு எஞ்சுவது 748. தடைக்காலத்தைப் பின்பக்கம் மட்டுமே வைக்கிறோம். முன்பக்கம் விடை முடிந்துபோன வரிகள், சோதனை நாளில் வாழ்ந்த ஒருவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கக்கூடிய தகவல்கள். அவற்றை வைத்துக் கற்பது கள்ளத்தனம் ஆகாது.

எங்கே சறுக்குகிறது

முறை தெரிந்தவர்களும் அடிக்கடி விழும் குழி ஒன்று இருக்கிறது. பைத்தானில் காலவரிசைத் தரவுக்கென்றே `TimeSeriesSplit` என்ற கருவி இருக்கிறது. அதில் `gap` என்ற அளவைக் கொடுத்தால், சோதனைக்கு முன்னால் அத்தனை வரிகளை விட்டுவிடும். ஒரே ஒரு பங்கு, நாளுக்கு ஒரு வரி என்றால் `gap=21` சரியாக வேலை செய்யும்.

ஆனால் நிஃப்டியின் 50 பங்குகளையும் ஒரே பட்டியலில் தேதிவாரியாக அடுக்கியிருக்கிறீர்கள் என்றால், நாளொன்றுக்கு 50 வரிகள். அந்தக் கருவி எண்ணுவது வரிகளை, நாட்களை எண்ணுவதில்லை. 21 வரி என்பது அரை நாள்கூட இல்லை. களையெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், கூரை முழுக்க ஓடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பட்டியலுக்கு 1,050 வரிகள் விட வேண்டும். அதைவிட நல்லது, முதலில் தேதிகளைப் பாகம் பிரித்துவிட்டு, பிறகு அந்தத் தேதிகளுக்குரிய வரிகளை எடுப்பது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே நாளில் ஒரு வங்கிப் பங்கு பயிற்சியிலும் மற்றொரு வங்கிப் பங்கு சோதனையிலும் போய்ச் சேராது. சந்தை சரிந்த நாளில் இரண்டும் சேர்ந்தே விழுந்திருக்கும் என்பதால், ஒன்றின் விடை மற்றதைக் காட்டிக்கொடுக்கும்.

தேதிக்கணக்கிலும் கவனம் வேண்டும். நாட்காட்டியில் 21 நாள் என்பது 15 வர்த்தக நாள்தான். விடையை வர்த்தக நாளில் அளந்துவிட்டு, இடைவெளியை நாட்காட்டி நாளில் விட்டால், ஆறு நாள் ஓடு வெளியே நிற்கும்.

கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

பிறர் எழுதிய நிரலை வரிவரியாகப் படிக்க எல்லோராலும் முடியாது. ஆனால் வெளியிலிருந்தே கசிவைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் உண்டு.

முதலாவது, பாகங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பது. ஐந்து பாகத்துக்குப் பதில் ஐம்பது பாகமாக வெட்டினால், ஒவ்வொரு பாகத்திலும் 20 வரிகள்தான். எந்த வரியும் ஏதோ ஓர் எல்லையிலிருந்து 10 நாளுக்குள் இருக்கும். கறைபடாத வரி ஒன்றும் மிஞ்சாது. நாணயச் சந்தையில் நகலெடுக்கும் நிரலின் மதிப்பெண் 53-லிருந்து 77-க்கு அருகே தாவிவிடும். பாகங்களைக் கூட்டக் கூட்ட மதிப்பெண் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு இருக்கிறது. களையெடுத்த சோதனையில் மதிப்பெண் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். பயிற்சிக்குக் கூடுதல் வரிகள் கிடைப்பதால் ஆரம்பத்தில் சிறிது ஏறுவது இயல்பே.

இரண்டாவது, நாம் தொடங்கிய இடத்துக்கே திரும்புவது. நிஜ விலைகளை எடுத்துவிட்டு, நாணயத்தால் செய்த விலைகளை உள்ளே வைத்து, மற்ற எதையும் மாற்றாமல் முழு நிரலையும் மீண்டும் ஓட்டுவது. அடையாளம் கணக்கிடுவது, பாகம் பிரிப்பது, பயிற்சி, சோதனை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். வேறு வேறு நாணயப் பட்டியல்களை வைத்து நூறு முறை ஓட்டிச் சராசரி பார்த்தால் 50-க்கு அருகில் வர வேண்டும். 53 வந்தால், அந்த மூன்று சதவீதம் சந்தையைப் பற்றியது அல்ல, நிரலைப் பற்றியது. இந்தச் சோதனைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். கசிவு விடைகளின் மேல்படிவால் வந்தாலும் சரி, வேறு ஓட்டையால் வந்தாலும் சரி, இது பெரும்பாலும் பிடித்துவிடும்.

களையெடுப்பு எதைச் செய்யாது

இதற்கும் விலை உண்டு, எல்லையும் உண்டு. விடையின் நீளம் 21 நாளாக இருந்ததால் 42 வரிகளோடு தப்பித்தோம். ஒரு வருடம், அதாவது ஏறக்குறைய 250 வர்த்தக நாள் கழித்து லாபமா என்று கேட்டிருந்தால், நடுப்பாகத்துக்கு இருபுறமும் 250 வரிகள் போய், 800-ல் 300 தான் மிஞ்சும். நான்கு வருடத் தரவை வைத்துக்கொண்டு ஒரு வருட விடையை இப்படிச் சோதிப்பது நடக்காத காரியம் என்பதைக் களையெடுப்பு நமக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. களையெடுக்காதபோதும் உண்மை அதுதான், வெளியே தெரியாமல் இருந்தது.

அடுத்தது, களையெடுத்த பிறகும் வரிகளின் எண்ணிக்கையை நம்பக் கூடாது. ஓடுகள் ஆயிரம் இருக்கலாம், ஆனால் ஒன்றோடொன்று மேல்படியாத 21 நாள் துண்டுகள் 47 தான். ஆயிரம் தனித்தனி வாய்ப்புகளில் 57 சதவீதம் சரியாக வந்தால் அது பெரிய விஷயம். 47 வாய்ப்புகளில் 57 சதவீதம் என்றால், நாணயமே அவ்வளவு தூரம் சாதாரணமாகத் தடுமாறும். அங்கே அதிர்ஷ்டத்தின் அளவே இருபுறமும் ஏழு சதவீதம்.

கடைசியாக, ஒரே தரவில் இருநூறு உத்திகளை ஓட்டிப் பார்த்து, சிறந்ததை மட்டும் எடுத்துக் காட்டுபவரைக் களையெடுப்பு தடுக்காது. இருநூறு பேர் நாணயம் சுண்டினால் அவர்களில் ஒருவர் அசாத்தியமாக ஜெயிப்பார். ஒவ்வொரு சுண்டலும் சுத்தமாக நடந்தது என்பதை மட்டுமே களையெடுப்பு உறுதிசெய்கிறது.

அல்காரிதம் வர்த்தகம் என்ற பெயரில் யாராவது உங்களிடம் ஒரு மதிப்பெண்ணைக் காட்டினால், மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு விடையும் எத்தனை வர்த்தக நாள் நீளம்? பாகம் பிரிக்கும்போது எல்லையில் எத்தனை நாட்களின் வரிகளை நீக்கினீர்கள்? இதே நிரலை நாணய விலையில் ஓட்டினால் எவ்வளவு வருகிறது? இரண்டாம் கேள்விக்கான எண், முதல் கேள்விக்கான எண்ணைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. மூன்றாவது 50-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். இவற்றுக்குப் பதில் இல்லாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.